மெயின்டனன்ஸ் பில்லில் திடீர்ச் சிறப்பு வசூல்: கேட்கும் உரிமையும் கேட்கும் முறையும்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் தன் உறுப்பினர்களிடம் வாங்கும் பணம் பொதுவாக இரண்டு வகைப்படும். மாதாமாதம் வாங்குவது மெயின்டனன்ஸ். காவலாளி சம்பளம், துப்புரவு, பொது விளக்குகளுக்கான மின் கட்டணம், லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம், ஜெனரேட்டர் டீசல் போன்ற வழக்கமான செலவுகள் அதில் அடங்கும். இன்னொன்று, எப்போதாவது ஒரு குறிப்பிட்ட வேலைக்காக மட்டும் வாங்குவது. கட்டடத்துக்கு வெளிப்பூச்சு, மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு, பழைய லிஃப்டுக்குப் பதில் புதியது, புது ஆழ்துளைக் கிணறு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பில்லில் இது சிறப்பு வசூல், ஸ்பெஷல் லெவி, ஒன்டைம் கலெக்‌ஷன் என்று வெவ்வேறு பெயர்களில் வரும்.

சிறப்பு வசூல் என்பதே தவறல்ல. ஏழெட்டு ஆண்டு மழையும் வெயிலும் பட்ட கட்டடத்துக்கு வண்ணம் பூச மாத மெயின்டனன்ஸ் போதாது. யாராவது அதற்குப் பணம் தந்தாக வேண்டும். ஆனால் அந்தப் பணத்தைக் கேட்கும் அதிகாரம் பில் போடும் பொருளாளருக்குச் சொந்தமானது அல்ல. சங்கம் பதிவான சட்டம், அதன்கீழ் பதிவு செய்யப்பட்ட பைலா, பைலாப்படி கூடிய பொதுக்குழு, பொதுக்குழு நிறைவேற்றிய தீர்மானம், அந்தத் தீர்மானத்தை நிறைவேற்றும் செயற்குழு என்று ஒவ்வொரு படியாக இறங்கி வந்துதான் அது பில்லை அடைகிறது. நடுவில் ஒரு படி விடுபட்டிருந்தால் பில்லில் அச்சிட்ட தொகை வெறும் கோரிக்கையாகவே நிற்கும், கடனாகாது. ஆகவே கேள்வி கேட்பது என்றால் பில்லில் தொடங்கி அதே படிகளில் பின்னோக்கி ஏறிப் பார்ப்பது.

விளக்கத்துக்காகச் சென்னைப் புறநகரில் 40 வீடுகள் கொண்ட, ஒன்பது ஆண்டு பழைய ஒரு குடியிருப்பைக் கற்பனை செய்துகொள்ளலாம். 24 வீடுகள் இரண்டு படுக்கையறை, தலா 1,000 சதுர அடி. 16 வீடுகள் மூன்று படுக்கையறை, தலா 1,500 சதுர அடி. மொத்தம் 48,000 சதுர அடி. மாத மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 3 ரூபாய். சிறிய வீட்டுக்கு 3,000, பெரிய வீட்டுக்கு 4,500. ஜூலை மாத பில்லில் இந்தத் தொகைக்குக் கீழே ஒரு புது வரி வருகிறது: ‘சிறப்பு வசூல் – பெயின்டிங் மற்றும் இதர – ரூ. 35,000. 15 நாட்களுக்குள் செலுத்தவும். தாமதமானால் மாதம் 2 சதவீத வட்டி.’ எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. 40 வீட்டுக்கும் சேர்த்து 14 லட்சம் ரூபாய். இந்த ஒரு வரியில் கேட்க வேண்டியவை பல இருக்கின்றன. ‘மற்றும் இதர’ என்ற சொற்களிலேயே பாதி விஷயம் இருக்கிறது.

முதலில் எடுத்துப் பார்க்க வேண்டியது பைலா. தமிழ்நாட்டில் மிகப் பல குடியிருப்புச் சங்கங்கள் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. அடுக்குமாடி வீட்டு உரிமைக்கென்றே தனியாக 1994ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாக வந்த 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. தங்கள் சங்கம் எந்தச் சட்டத்தில், எந்த எண்ணில் பதிவாகியிருக்கிறது என்பது பல உரிமையாளர்களுக்குத் தெரியாது. அதைச் செயலாளரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. பிறகு யாருக்கு முறையிடுவது என்பதை அந்த விவரமே முடிவு செய்யும். பதிவு செய்த பைலாவின் நகல் சங்கத்தில் கிடைக்காவிட்டால், கோப்பு இருக்கும் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் செலுத்திப் பெறலாம். குடியிருப்பில் கைமாறும் தட்டச்சுப் பிரதியைவிட அதுவே நம்பத்தக்கது. பதிவாகாத திருத்தங்கள் தட்டச்சுப் பிரதியில் நுழைந்திருக்கக்கூடும்.

பைலாவை முழுவதும் படிக்கத் தேவையில்லை. செயற்குழு தானாகச் செலவிடக்கூடிய உச்சவரம்பு எவ்வளவு, அதற்கு மேற்பட்ட செலவுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும், சிறப்பு வசூலைப் பற்றித் தனி விதி உண்டா, பொதுச் செலவை எந்த அடிப்படையில் பங்கிட வேண்டும், தாமத வட்டி எவ்வளவு என்பவற்றைத் தேடினால் போதும். எடுத்துக்காட்டுக் குடியிருப்பின் பைலா, செயற்குழு ஒரு வேலைக்கு 50,000 ரூபாய் வரை செலவிடலாம், அதற்கு மேல் பொதுக்குழு ஒப்புதல் வேண்டும், பொதுச் செலவு சதுர அடிக் கணக்கில் பங்கிடப்படும், தாமத வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்கிறது. பில்லில் போட்ட மாதம் 2 சதவீதம் ஆண்டுக்கு 24 ஆகிறது. அந்த வட்டிக்கு எந்த ஆதாரமும் இல்லை என்பது முதல் பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது கூட்டம். பொதுக்குழு ஒப்புதல் தேவை என்றால் அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கேட்க வேண்டியவை: பைலா சொன்ன நாட்களுக்கு முன்பே எல்லா உறுப்பினருக்கும் அறிவிப்பு போனதா, சிறப்பு வசூல் என்ற பொருளும் உத்தேசத் தொகையும் அந்த அறிவிப்பில் இருந்தனவா, கோரம் இருந்ததா, எத்தனை பேர் ஆதரித்தார்கள், மினிட்ஸ் புத்தகத்தில் என்ன எழுதியிருக்கிறது. இவற்றில் அதிகம் வழுக்கும் இடம் அறிவிப்புதான். நிகழ்ச்சி நிரலின் கடைசியில் ‘தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்’ என்று ஒரு வரி எல்லாக் கூட்டத்திலும் இருக்கும். பல லட்ச ரூபாய் வசூலை அந்த வரியின்கீழ் எழுப்பி, மீதமிருக்கும் பத்துப் பதினைந்து பேரைக் கைதூக்க வைத்துத் தீர்மானமாக்கும் வழக்கம் உண்டு. அறிவிப்பைப் பார்த்து, முக்கியமான பொருள் இல்லை என்று எண்ணி வராதவருக்கு இது அநீதி. முன்கூட்டிச் சொல்லாத பொருளில் எடுத்த இத்தகைய முடிவு எளிதில் கேள்விக்குள்ளாகும். கோரம் இல்லாமல் கூட்டத்தைத் தள்ளிவைத்து, அரைமணி நேரம் கழித்து அதே இடத்தில் கூடி முடிவெடுக்கப் பல பைலாக்கள் இடம் தருகின்றன. அப்படி ஒரு விதி இருந்தால் அந்தக் கூட்டம் செல்லும். ஆனால் முதல் அறிவிப்பில் இருந்த பொருள்களை மட்டுமே அது எடுக்கலாம்.

வாட்ஸ்அப் குழுவில் நடத்தும் வாக்கெடுப்பு பொதுக்குழுத் தீர்மானத்துக்கு ஈடாகாது. பைலா மின்னணு வாக்கை வெளிப்படையாக ஏற்றிருந்தால் தவிர, அது கருத்துக் கேட்பு மட்டுமே. குழுவில் வாடகைதாரர்கள் இருப்பார்கள். ஒரே வீட்டிலிருந்து கணவனும் மனைவியும் வாக்களித்திருப்பார்கள். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர் குழுவிலேயே இருக்கமாட்டார். யார் உறுப்பினர், யாருக்கு வாக்கு என்ற கணக்கு அங்கே இல்லை.

எடுத்துக்காட்டுக் குடியிருப்பில் கூட்டம் முறைப்படி நடந்திருக்கிறது. அறிவிப்பில் வெளிப்புற பெயின்டிங் என்ற பொருள் இருந்தது. 26 உறுப்பினர்கள் வந்திருந்தார்கள். ஆனால் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதியிருப்பது, கொட்டேஷனின்படி வெளிப்புற பெயின்டிங்குக்கு 9,60,000 ரூபாய் வரை செலவிட ஒப்புதல் என்பதுதான். பில் கேட்பது 14 லட்சம். மீதி 4,40,000 ரூபாய்க்கு எந்தத் தீர்மானமும் இல்லை.

இத்தகைய இடைவெளி பெரும்பாலும் திருட்டின் அடையாளமாக இருப்பதில்லை. ஊதியமின்றி, வேலை முடிந்து வந்து இரவில் கணக்கு எழுதும் செயற்குழுவினர், ஏற்கெனவே இருக்கும் ஓட்டையையும் இந்த வாய்ப்பில் அடைத்துவிடலாம் என்று நினைத்துவிடுகிறார்கள். நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனாலும் உறுப்பினர்கள் ஒப்புக்கொண்ட வேலைக்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும், அது எதற்கு என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. அதைக் கேட்பவரை ‘பிரச்சினை பண்ணுகிறவர்’ என்று ஒதுக்கும் பழக்கம் குடியிருப்புகளுக்கு நல்லதல்ல.

இடைவெளி எங்கிருந்து வந்தது என்பதைச் சங்கத்தின் ஆண்டுக் கணக்கு சொல்லும். சங்கங்கள் ஆண்டுதோறும் தணிக்கை செய்த வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவின் முன் வைத்துப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். கடந்த இரண்டு ஆண்டுக் கணக்கைப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பார்ப்பதே சிறந்த வழி. ஓராண்டுக் கணக்கில் தெரியாத மாற்றம் இரண்டை ஒப்பிட்டால் வெளிப்படும்.

அப்படிப் பார்க்கும்போது முதலில் கண்ணில் படுவது கார்பஸ் நிதி. வீட்டை ஒப்படைக்கும்போது பில்டர் ஒவ்வொருவரிடமும் சதுர அடிக்கு 25 ரூபாய் வாங்கி, 12 லட்சத்தைச் சங்கத்திடம் ஒப்படைத்திருந்தார். சங்கம் அதை வங்கியில் நிலையான வைப்பாகப் போட்டிருந்தது. முந்தைய ஆண்டுக் கணக்கில் 12 லட்சமாக இருந்தது, சென்ற ஆண்டுக் கணக்கில் 9,40,000 ஆகிவிட்டது. கோடையில் லாரித் தண்ணீர் வாங்கவும், எரிந்துபோன மோட்டாரை மாற்றவும் 2,60,000 ரூபாயை எடுத்திருக்கிறார்கள். இப்போது அந்தக் குழியை நிரப்பும் தொகை ‘இதர’ என்ற பெயரில் பில்லுக்குள் வந்திருக்கிறது.

லாரித் தண்ணீர் வழக்கமான செலவு. அது அந்தந்த மாத மெயின்டனன்ஸில் வந்திருக்க வேண்டியது. போதாவிட்டால் மெயின்டனன்ஸ் விகிதத்தை உயர்த்தப் பொதுக்குழுவைக் கேட்டிருக்க வேண்டும். அதைச் செய்யத் தயங்கி, யாருக்கும் தெரியாமல் கார்பஸில் கைவைத்து, பிறகு சிறப்பு வசூலில் ஈடுகட்டினால் உண்மையான மாதச் செலவு எவ்வளவு என்பதே உறுப்பினர்களுக்குத் தெரியாமல் போகிறது. மோட்டார் விஷயம் வேறு. தண்ணீர் ஏறாத கட்டடத்தில் அறிவிப்பு அனுப்பி, நாட்கள் காத்திருந்து பொதுக்குழு கூட்ட முடியாது. அவசரச் செலவைச் செயற்குழு செய்துவிட்டு அடுத்த கூட்டத்தில் ஒப்புதல் பெறுவது முறைதான். லிஃப்ட் கம்பி, தீயணைப்புக் கருவி, இடிந்து விழக்கூடிய சன்ஷேடு போன்றவையும் அவ்வாறே. உயிருக்கு ஆபத்தான பழுதைச் சரிசெய்யும் வேலையை நடைமுறையைக் காட்டி நிறுத்தச் சொல்வது சரியான கேள்வி ஆகாது. ஒப்புதல் பின்னால் வந்ததா, ரசீது இருக்கிறதா என்பதே அங்கே கேட்க வேண்டியது.

அடுத்து நிலுவைப் பட்டியல். ஐந்து சிறிய வீடுகள் ஓராண்டாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை. மாதம் 3,000 வீதம் ஐந்து வீட்டுக்கு 1,80,000 ரூபாய். 2,60,000 உடன் 1,80,000 சேர்த்தால் 4,40,000. இடைவெளி முழுவதும் கணக்கில் வந்துவிட்டது. கட்டாதவர்களின் பாக்கியை ஒழுங்காகக் கட்டுகிறவர்கள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். இதுதான் சிறப்பு வசூல்களில் மிகவும் ஆட்சேபத்துக்குரிய பகுதி. அந்தப் பாக்கி சங்கத்துக்கு வர வேண்டிய கடன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியும் வழக்குப் போட்டும் வசூலிக்க வேண்டியது. உடனடியாகப் பணத் தட்டுப்பாடு என்றால் மற்றவர்களிடம் முன்பணமாக வாங்கலாம். ஆனால் பாக்கி வந்ததும் அவரவர் மெயின்டனன்ஸில் கழிக்கப்படும் என்று தீர்மானத்தில் எழுதியிருக்க வேண்டும். அந்த வாக்கியம் இல்லாவிட்டால், ஐந்து வீட்டுக்காரரும் நாளை பாக்கியைக் கட்டும்போது சங்கம் அதே தொகையை இருமுறை வாங்கியதாகிவிடும்.

ஒப்புதல் பெற்ற 9,60,000 ரூபாயையும் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. பெயின்டிங் கொட்டேஷனில் பார்க்க வேண்டியது சுவரின் பரப்பளவு. வெளிப்பூச்சுக்கு வீட்டின் சதுர அடியில் அல்ல, சுவரின் சதுர அடியில் விலை போடுவார்கள். ஜன்னல், பால்கனித் திறப்புகளைக் கழித்தார்களா, சாரம் கட்டும் கூலியும் விரிசல் அடைக்கும் வேலையும் அதில் சேர்ந்தனவா, எத்தனை பூச்சு, பெயின்டின் தரப் பெயர் என்ன, ஜிஎஸ்டி சேர்த்த விலையா என்று தெரியாமல் இரண்டு கொட்டேஷன்களை ஒப்பிடவே முடியாது. அளவெடுப்பில் ஒரு பத்து சதவீதம் கூடினாலே ஒரு லட்ச ரூபாய்க்கு அருகில் மாறிவிடும்.

கட்டடம் புதியதாக இருந்தால் இன்னொரு கேள்வி முன்னால் வரும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆம் பிரிவுப்படி, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து, அதைப் பில்டரிடம் தெரிவித்தால் அவர் 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். நான்காம் ஆண்டிலேயே மொட்டை மாடி ஒழுகுகிறது என்று உறுப்பினர்களிடம் லட்சக்கணக்கில் வசூலிப்பது, பில்டர் ஏற்க வேண்டிய செலவை வீட்டுக்காரர்கள் ஏற்பதாகும். செயற்குழு பில்டருக்கு எழுத்தில் அறிவித்ததா என்று கேட்க வேண்டும். ஒன்பது ஆண்டு பழைய எடுத்துக்காட்டுக் குடியிருப்புக்கு இந்த வாய்ப்பு கடந்துவிட்டது.

இனி பங்கீடு. பைலா சதுர அடிக் கணக்கைச் சொல்கிறது. பில் எல்லோருக்கும் 35,000 என்கிறது. 14 லட்சத்தையே சதுர அடியில் பிரித்தாலும் சிறிய வீட்டுக்கு ஏறத்தாழ 29,170 ரூபாய்தான், பெரிய வீட்டுக்கு 43,750. ஆக, சமமாகப் போட்டதால் சிறிய வீட்டுக்காரர் 5,800 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கொடுக்கிறார். ஒப்புதல் பெற்ற 9,60,000 ரூபாயை மட்டும் எடுத்தால் சதுர அடிக்கு 20 ரூபாய்; சிறியதற்கு 20,000, பெரியதற்கு 30,000. சமப் பங்கு நியாயமா, பரப்பளவுப் பங்கு நியாயமா என்பதில் உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. காவலாளி எல்லா வீட்டையும் ஒன்றுபோலத்தான் காக்கிறார் என்பது ஒரு வாதம். பெரிய வீட்டின் வெளிச்சுவர் பெரியது, அவருக்கு நிலத்தில் பிரிபடாத பங்கும் பெரியது என்பது மறு வாதம். மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் சேவைக் கட்டணத்தைச் சமமாகப் பிரிப்பதை மும்பை உயர் நீதிமன்றம் 2003இல் ஏற்றிருக்கிறது. வேறு மாநிலம், வேறு வகைச் சங்கம் என்பதால் அதை இங்கே அப்படியே பொருத்த முடியாது. சென்னைக் குடியிருப்பில் இந்த விவாதத்துக்கு விடை பைலாவிலும் விற்பனைப் பத்திரத்திலும் இருக்கிறது. அதை மாற்ற வேண்டுமானால் பைலாவைத் திருத்த வேண்டும். ஒரு பில்லால் மாற்ற முடியாது.

வரி இன்னொரு பக்கம். சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பேச்சு எழும். ஒரு உறுப்பினர் மாதம் 7,500 ரூபாய் வரை தரும் பங்குக்கு வரிவிலக்கு உண்டு. அதைத் தாண்டினால் 18 சதவீதம். தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று மத்திய மறைமுக வரி வாரியம் 2019இல் சுற்றறிக்கை விட்டது; கூடுதல் தொகைக்கு மட்டுமே வரி என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூலையில் தீர்ப்பளித்தது. எடுத்துக்காட்டுக் குடியிருப்பின் மாத மெயின்டனன்ஸ் ஆண்டுக்கு 17,28,000 ரூபாய். சிறப்பு வசூல் சேர்ந்தவுடன் 20 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. சிறிய வீட்டுக்காரர் ஜூலையில் 3,000 உடன் 35,000 கட்டினால் 38,000; 7,500 போக மீதி 30,500க்கு 5,490 ரூபாய் வரி வரும். அதையே 12 தவணையாக வாங்கினால் எந்த வீட்டுக்கும் மாதம் 7,500 தாண்டாது. சங்கத்தின் தணிக்கையாளரைக் கேட்டு இதை முடிவு செய்திருக்க வேண்டும். 15 நாளில் கட்டச் சொன்ன பில், உறுப்பினர்களுக்குத் தேவையற்ற வரியை வரவழைக்கக்கூடியது.

இவ்வளவும் தெரிந்த பிறகு கேட்கும் முறை. வாட்ஸ்அப் குழுவில் கோபமாக எழுதுவதால் எந்தப் பதிவும் உருவாவதில்லை. செயற்குழுவினர் தற்காப்புக்குப் போய்விடுவதுதான் மிச்சம். பில் வந்த சில நாட்களுக்குள் செயலாளருக்கு மின்னஞ்சலிலும், ஒப்புகையுடன் கடிதமாகவும் எழுத வேண்டும். கடிதம் குற்றம் சாட்டத் தேவையில்லை. ஆவணம் கேட்டால் போதும். இப்படி எழுதலாம்: ‘மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு, ஜூலை மாத பில்லில் சிறப்பு வசூலாக ரூ. 35,000 கேட்கப்பட்டுள்ளது. இதற்கு அடிப்படையான பொதுக்குழுத் தீர்மானம், கூட்ட அறிவிப்பு, வருகைப் பதிவு, பெறப்பட்ட கொட்டேஷன்கள், ரூ. 14 லட்சத்தின் பிரிவு விவரம், கார்பஸ் வைப்பின் இன்றைய நிலை ஆகியவற்றைப் பார்வையிட அனுமதித்து, நகல் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். பொதுச் செலவைச் சதுர அடிக் கணக்கில் பங்கிட வேண்டும் என்று பைலா கூறும் நிலையில், சமமாகப் பங்கிட்டதன் காரணத்தையும் தெரிவிக்க வேண்டுகிறேன். விளக்கம் கிடைக்கும்வரை சிறப்பு வசூலின் கெடுவை ஒத்திவைக்கவும்.’ ஒரே கடிதத்தில் பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டால் தனிப்பட்ட பகை என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

இந்தக் காலத்தில் மாத மெயின்டனன்ஸை நிறுத்தக் கூடாது. பலர் செய்யும் பிழை இதுதான். சிறப்பு வசூலின் மீதுள்ள ஆட்சேபம் நியாயமாக இருந்தாலும், ஒப்புக்கொண்ட மாதத் தொகையை நிறுத்தியவுடன் கேள்வி கேட்டவரே பாக்கிக்காரர் ஆகிவிடுகிறார். சில பைலாக்களில் பாக்கி வைத்தவருக்கு வாக்குரிமையும் இல்லை. 3,000 ரூபாயை மட்டும் வங்கிவழி அனுப்பி, ‘ஜூலை மெயின்டனன்ஸுக்கு மட்டும்’ என்று பரிமாற்றக் குறிப்பிலும் மின்னஞ்சலிலும் எழுத வேண்டும். கடன்பட்டவர் எந்தக் கடனுக்கென்று குறிப்பிட்டுப் பணம் தந்து, மற்றவர் அதை ஏற்றுக்கொண்டால், அந்தக் கடனுக்கே அதை வரவு வைக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 59ஆம் பிரிவு. குறிப்பு எழுதாமல் அனுப்பினால், பொருளாளர் அதைச் சிறப்பு வசூலில் வரவு வைத்துவிட்டு மெயின்டனன்ஸ் பாக்கி என்று வட்டி போட வழி கிடைத்துவிடும்.

வீட்டை விற்கப்போகிறவர், பாக்கி இல்லை என்ற சான்று உடனே தேவைப்படுகிறவர் போன்றவர்களுக்குக் காத்திருக்க முடியாது. அவர்கள் முழுத் தொகையையும் ‘ஆட்சேபத்துடன், உரிமையை விட்டுக்கொடுக்காமல் செலுத்துகிறேன்’ என்று எழுதிக் கட்டலாம். வாடகைதாரரிடம் பில் வந்திருந்தால் அவர் அதை உரிமையாளருக்கு அனுப்பிவிட வேண்டும். வாடகை ஒப்பந்தம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கட்டடத்தின் பெரும் பழுதுக்கான வசூல் உரிமையாளரின் பொறுப்பு.

கடிதத்துக்குச் சரியான பதில் வராவிட்டால் சிறப்புப் பொதுக்குழுவைக் கூட்டக் கோர வேண்டும். எத்தனை உறுப்பினர் கையெழுத்திட்டால் செயற்குழு கூட்டியாக வேண்டும் என்பது பைலாவில் இருக்கும். அந்தக் கூட்டத்தில் எதை அடைய விரும்புகிறோம் என்பதில் தெளிவு வேண்டும். நடைமுறைக் குறையைக் காட்டி வசூலை ரத்து செய்தாலும், முறையான அறிவிப்போடு இன்னொரு கூட்டம் கூட்டிப் பெரும்பான்மையால் அதே தொகையை அவர்கள் நிறைவேற்றிக்கொள்ளலாம். அப்படி நிறைவேறினால் எதிர்த்து வாக்களித்தவரும் கட்ட வேண்டியதுதான். ஆகவே மாற்றுத் தீர்மானத்தைக் கையில் எழுதிக்கொண்டு போவதே பயன் தரும். எடுத்துக்காட்டுக் குடியிருப்புக்கு அது இப்படி இருக்கும்: வசூல் 9,60,000 மட்டும், சதுர அடிக்கு 20 ரூபாய், 12 தவணை. சிறிய வீட்டுக்கு மாதம் ஏறத்தாழ 1,667, பெரிய வீட்டுக்கு 2,500. மாதம் 80,000 ரூபாய் சேரும். ஒப்பந்தக்காரருக்கு முன்பணம், சாரம் ஏறியதும் ஒரு பகுதி, முதல் பூச்சில் ஒரு பகுதி என்று கட்டம் கட்டமாகத்தான் பணம் போகும் என்பதால், இடையில் குறைவதைக் கார்பஸிலிருந்து பொதுக்குழு ஒப்புதலோடு எடுத்துத் தவணை வரும்போது திருப்பி வைக்கலாம். பைலா கார்பஸின் வட்டியை மட்டுமே தொட அனுமதித்தால் இந்த வழி இல்லை; அப்போது தவணைக் காலத்தைக் குறைக்க வேண்டியிருக்கும். லாரித் தண்ணீருக்குப் போன தொகைக்கும் மெயின்டனன்ஸ் விகிதத்துக்கும் தனித் தீர்மானம், ஐந்து வீட்டுப் பாக்கிக்கு நோட்டீஸ் அனுப்பத் தனித் தீர்மானம், ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்கிச் சேர்க்கும் சிங்கிங் ஃபண்டுக்கு இன்னொன்று. பெயின்டிங் ஏழெட்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு என்பது முதல் நாளே தெரிந்தது. அதற்குச் சேர்த்து வைக்காத குடியிருப்பில்தான் அது திடீர் வசூலாக வருகிறது.

கூட்டமே கூட்ட மறுத்தாலோ கணக்கைக் காட்ட மறுத்தாலோ அடுத்த படி பதிவாளர். சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36ஆம் பிரிவுப்படி, மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத உறுப்பினர்கள் விண்ணப்பித்தால் சங்கத்தின் நடைமுறையையும் நிதிநிலையையும் மாவட்டப் பதிவாளர் விசாரிக்கலாம். 40 உறுப்பினர் சங்கத்தில் அது 14 கையெழுத்து. பைலா, ஆண்டுக் கணக்கு, கடித நகல், மினிட்ஸ் நகல் ஆகியவற்றோடு, எந்தத் தொகைக்குத் தீர்மானம் இல்லை என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுப்பது நல்லது. தகவல் உரிமைச் சட்டம் தனியார் குடியிருப்புச் சங்கத்துக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனால் பதிவாளர் அலுவலகத்துக்குப் பொருந்தும். சங்கம் கணக்குத் தாக்கல் செய்திருக்கிறதா என்பதை அந்த வழியில் அறியலாம்.

பதிவாளர் விசாரணை ஒரு சிவில் வழக்குக்கு மாற்று அல்ல. வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவும், வசூலைச் செல்லாது என்று அறிவிக்கவும் வேண்டுமானால் சிவில் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். ஆட்சேபம் உள்ள தொகைக்காகக் குடிநீர்க் குழாயை அடைப்பேன் என்று சங்கம் மிரட்டினாலும், தடை உத்தரவு கேட்க அங்கேயே அணுகலாம். கட்டடத்துக்கு வண்ணம் தேவையா, இந்த ஒப்பந்தக்காரர் சரியானவரா என்பதில் பொதுவாக நீதிமன்றம் தலையிட விரும்பாது. அது பொதுக்குழுவின் விருப்பம். தீர்மானம் இருந்ததா, அறிவிப்பு சரியா, பைலாவின் பங்கீட்டு விதி மீறப்பட்டதா என்பவற்றையே அது பார்க்கும். வழக்குக்கு ஆகும் வக்கீல் கட்டணமும் காலமும் ஒரு வீட்டுக்காரரின் 15,000 ரூபாய்க்கு ஈடாகாது. ஆனால் பைலா விதியை மீறிய பங்கீடு ஆண்டுதோறும் தொடரும் என்றாலோ, பலர் செலவைப் பகிர்ந்துகொண்டாலோ அந்தக் கணக்கு மாறும்.